தம்பி அனுப்பின பத்து லட்சம்: முதலா, கடனா, சும்மா குடுத்ததா?

திருப்பூர் பக்கம் சின்ன யூனிட் நடத்தறவங்க டேலிய திறந்து பாத்தா பல பேருகிட்ட ஒரு சஸ்பென்ஸ் லெட்ஜர் இருக்கும், அதுல நாலு லட்சம், அஞ்சு லட்சம்னு ஒண்ணு ரெண்டு என்ட்ரி தொங்கிட்டு இருக்கும். என்னங்க இதுன்னு கேட்டா "அது சிங்கப்பூர்ல இருந்து தம்பி போட்டுவிட்டதுங்க, ஆடிட்டர் பாத்து எதுலயாவது போட்டுக்குவாரு"ன்னு பதில் வரும். இந்த "எதுலயாவது"ல தான் எல்லாமே இருக்குது. அந்தப் பணத்தை முதல்னு எழுதலாம், கடன்னு எழுதலாம், கிஃப்ட்னு எழுதலாம், ஆனா எது வசதியோ அதுல தூக்கிப் போடற விஷயம் இல்ல. பணம் வந்த அன்னைக்கு அண்ணனும் தம்பியும் என்ன பேசிக்கிட்டாங்களோ அதைத்தான் கணக்கு சொல்லணும், ஆடிட்டர் அதை எழுதி வைக்கறவரு மட்டும் தான்.

ஒரு உதாரணத்தையே கடைசி வரைக்கும் வெச்சுக்கலாம். அண்ணன் திருப்பூர்ல ஜாப் ஒர்க் ஸ்டிச்சிங் யூனிட் வெச்சிருக்காரு, அவரு ஒருத்தர் பேர்ல மட்டும், அதாவது புரொப்ரைட்டர்ஷிப். அவரோட சொந்த முதல் 6 லட்சம், பேங்க்ல சிசி, அதாவது கேஷ் கிரெடிட் கடன், 5 லட்சம். ஓவர்லாக், பேட்லாக் மெஷின் சேத்து போடணும்னு தம்பிகிட்ட கேக்கறாரு, தம்பி சிங்கப்பூர்ல வேலை பாக்கறாரு, பாஸ்போர்ட் இன்னும் இந்திய பாஸ்போர்ட் தான். 10 லட்சம் அனுப்பறாரு. போன்ல பேசினது இவ்வளவு தான்: "அண்ணா, வெச்சுக்குங்க, மெஷின் போடுங்க மொதல்ல, அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த "அப்பறம் பாத்துக்கலாம்"க்கு மூணு அர்த்தம் இருக்கு, மூணும் பேலன்ஸ் ஷீட்ல வேற வேற எடத்துல உக்காரும்.

மொதல்ல கிஃப்ட். தம்பி மனசார குடுத்துட்டாரு, திருப்பிக் கேக்க மாட்டாருன்னா பேங்க் கணக்குல 10 லட்சம் ஏறும், அதுக்கு எதிர்ப்பக்கம் அண்ணனோட `Capital Account`ல 10 லட்சம் ஏறும், நேரேஷன்ல "தம்பி குடுத்த கிஃப்ட்"னு எழுதிக்கணும். அண்ணன் முதல் 16 லட்சம் ஆயிரும், வெளிக்கடன் அதே 5 லட்சம். இங்க ஒண்ணு கவனிக்கணும், புரொப்ரைட்டர்ஷிப்ல கடைக்கும் ஓனருக்கும் நடுவுல சட்டப்படி சுவர் கிடையாது, அதனால கிஃப்ட் வாங்கறது அண்ணங்கற ஆளு தான், அவரு வாங்கி யூனிட்ல முதலா போடறாரு. பி அண்ட் எல் பக்கமே இது போகக் கூடாது. சில ஆபீஸ்ல சின்னப் பசங்க தெரியாம அதர் இன்கம்னு போட்டுருவாங்க, அப்பறம் இல்லாத லாபத்துக்கு வரி கணக்கு போட்டுட்டு உக்காந்திருப்பாங்க.

ரெண்டாவது கடன். திருப்பிக் குடுக்கணும்னு பேச்சுன்னா `Unsecured Loans`க்கு கீழ தம்பி பேர்ல லெட்ஜர் போட்டு அதுல வரவு வைக்கணும். இப்ப அண்ணன் முதல் 6 லட்சமாவே நிக்கும், வெளிக்கடன் 15 லட்சம் ஆயிரும். கிஃப்டா இருந்தா ஒரு ரூபா முதலுக்கு எதிரா முப்பது பைசா சொச்சம் தான் கடன், லோனா இருந்தா ஒரு ரூபா முதலுக்கு ரெண்டரை ரூபா கடன். மெஷின் அதே மெஷின், பணம் அதே பணம், ஆனா சிசி லிமிட் ஏத்தறதுக்கு பேங்க்ல போய் நின்னா மேனேஜர் பாக்கற பேப்பர் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். (சொந்தக்காரங்க கடனா இருந்தா, பேங்க் கடன் தீர்ற வரைக்கும் இதை எடுக்க மாட்டேன்னு தம்பிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னு கேப்பாங்க, அது குடுத்தா பல பேங்க்ல அதை முதல் மாதிரி எடுத்துக்குவாங்க. தம்பி அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்னு அவருக்கும் சொல்லிருங்க, நடுவுல கேட்டா வராது.)

மூணாவது முதல், அதாவது தம்பியோட முதல். இங்க தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. புரொப்ரைட்டர் கணக்குல "தம்பி கேபிட்டல் அக்கவுண்ட்"னு ஒரு லெட்ஜர் போட்டு வெச்சிருப்பாங்க. ஒருத்தர் பேர்ல இருக்கற தொழில்ல இன்னொருத்தருக்கு முதல் இருக்க முடியாதுங்க. தம்பிக்கு லாபத்துல பங்கு, சொத்துல பங்குன்னு பேச்சுன்னா அது பார்ட்னர்ஷிப், அதுக்கு டீட் எழுதணும், ஃபர்முக்கு புது பான் வாங்கணும், ஜிஎஸ்டி பான் மேல தான் ஓடுதுங்கறதனால அதுவும் புதுசு, பேங்க் கரண்ட் அக்கவுண்ட்டும் புதுசு. என்ஆர்ஐ ஒருத்தர் இந்திய ஃபர்ம்ல முதல் போட அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவோட விதி விடுது, பணம் பேங்க் வழியா வரணும், ஃபர்ம் விவசாயம், தோட்டம், ரியல் எஸ்டேட், பத்திரிக்கைத் தொழில் பண்ணக் கூடாது, போட்ட முதலை வெளிநாட்டுக்கு திருப்பி எடுத்துட்டுப் போற உரிமை இல்லாத வகையில தான் போடணும். ஸ்டிச்சிங் யூனிட்டுக்கு இதுல தடை ஒண்ணும் இல்ல. ஆனா பார்ட்னர் ஆனா லாபம் மட்டும் வராது, ஃபர்ம் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுசா பொறுப்பு. சிசி கட்டலன்னா தம்பி பேர்ல கோயமுத்தூர்ல வாங்கிப் போட்ட சைட் வரைக்கும் பேங்க் கண்ணு போகும். மெஷினுக்கு உதவி பண்ணலாம்னு அனுப்பின தம்பிக்கு இது தெரியுமான்னு கேட்டா முக்காவாசி தெரியாது.

மூணுக்கும் நெசமான வித்தியாசம் யூனிட் நல்லா ஓடறப்ப தெரியாது, படுத்துட்டா தான் தெரியும். ஆர்டர் நின்னு மெஷினை வித்து கடனைக் கட்டற நிலைமைன்னு வைங்க. பேங்க்குக்கு மெஷின் மேல அடமானம் இருக்கு, அவங்க மொதல்ல எடுத்துக்குவாங்க. தம்பி பணம் கடன்னா, மிச்சத்துல நூல்காரர், கட்டிங் மாஸ்டர் பாக்கின்னு மத்த கடன்காரங்களோட அவரும் வரிசையில நிப்பாரு, யூனிட்ல மிஞ்சலன்னா அண்ணன் சொந்தமா கட்ட வேண்டியவரு. தம்பி பார்ட்னர்னா எல்லாருக்கும் குடுத்தது போக மிஞ்சினா தான் அவரு முதல், பத்தலன்னா அவரும் கையில இருந்து போடணும். கிஃப்ட்னா அவரு அந்த வரிசையிலயே இல்ல, கேக்கவும் முடியாது. இதை மனசுல வெச்சுட்டு "எது உங்க பேச்சு"ன்னு கேட்டீங்கன்னா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரு நிமிசம் யோசிச்சு பதில் சொல்லுவாங்க, அந்தப் பதில் தான் கணக்கு.

இனி கிஃப்ட் பக்கம் கொஞ்சம் ஆழமா போலாம், ஏன்னா நம்மூர்ல சொந்தம்னா என்னங்கறதுக்கும் இன்கம் டேக்ஸ்ல சொந்தம்னா என்னங்கறதுக்கும் தூரம் அதிகம்.

சொந்தக்காரங்க கிஃப்ட் எவ்வளவு குடுத்தாலும் வாங்கறவருக்கு வரி இல்ல, இது உண்மை. சொந்தம் இல்லாதவங்க குடுத்து, வருசத்துக்கு எல்லாம் சேத்து 50,000 தாண்டினா வரி, அதுவும் தாண்டினதுக்கு மட்டும் இல்ல, மொத்தத்துக்கும். 60,000 வந்தா 10,000க்கு வரின்னு நினைக்காதீங்க, 60,000க்கும் வரி. அப்ப யாரு சொந்தம்? புருஷன் பொண்டாட்டி, கூடப் பொறந்தவங்க, பொண்டாட்டி அல்லது புருஷனோட கூடப் பொறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப் பொறந்தவங்க, நேர் மேல அப்பா அம்மா தாத்தா பாட்டி, நேர் கீழ மகன் மகள் பேரன் பேத்தி, பொண்டாட்டி வழியிலயும் அதே நேர் கோடு, அப்பறம் இவங்க எல்லாரோட ஜோடிகளும்.

இந்த லிஸ்ட்டை மறுக்கா ஒருதடவை படிங்க. சித்தப்பா உண்டு, அவரு அப்பாவோட கூடப் பொறந்தவரு. மாமா உண்டு, அத்தை உண்டு, அத்தை வீட்டுக்காரரும் உண்டு. மச்சான் உண்டு. ஆனா சித்தப்பா பையன் இல்ல, பெரியப்பா பையன் இல்ல, மாமா பையன் இல்ல. நம்ம பக்கம் பெரியப்பா பையனை அண்ணன்னு தான் கூப்பிடறோம், ஒரே குலதெய்வம், ஒரே காட்டுல பாகம் பிரிச்சவங்க, பங்காளி சாவுக்கு தீட்டு காக்கறோம், ஆனா வரி சட்டத்துக்கு அவரு ரோட்டுல போற ஆளு மாதிரி தான். பெரியப்பா பையன் ஆஸ்திரேலியாவுல இருந்து 10 லட்சம் கிஃப்டா போட்டுவிட்டா அது முழுசும் அண்ணனோட வருமானத்துல சேந்து, அவரு எந்த ஸ்லாப்ல இருக்காரோ அந்த ரேட்ல வரி. அதே பணத்தை நெசமான கடனா வாங்கி பத்திரம் எழுதியிருந்தா வரி வராது, ஏன்னா கடன் வருமானம் இல்ல. சரி அப்ப பெரியப்பாவுக்கு அனுப்பி அவரு வழியா வாங்கிக்கறேன்னு சில பேர் கிளம்புவாங்க. பெரியப்பா கணக்குல காலையில ஏறி மத்தியானம் உங்க கணக்குக்கு வந்தா அது யாரு பணம்னு எந்த ஆபீசரும் கண்டுபிடிச்சிருவாரு, அந்த வழிக்கு நான் போகச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிக்கல் ஃபர்முக்கு. அண்ணனும் அவரோட கூட்டாளியும் சேந்து பார்ட்னர்ஷிப் நடத்தறாங்க, தம்பி நேரா ஃபர்ம் கரண்ட் அக்கவுண்ட்டுக்கு 10 லட்சம் போட்டுட்டு கிஃப்ட்னு லெட்டரும் குடுக்கறாரு. ஃபர்முக்கு ஏதுங்க தம்பி? அண்ணனுக்கு தான் தம்பி. 2017 ஏப்ரல்ல இருந்து இந்த கிஃப்ட் விதி தனி ஆளுக்கு மட்டுமில்லாம ஃபர்ம், கம்பெனின்னு எல்லாருக்கும் பொருந்துது, அதனால அந்த 10 லட்சம் ஃபர்ம் வருமானம் ஆயிரும். சரியான வழி ரொம்ப சாதாரணம்: தம்பி அண்ணனோட சொந்த எஸ்பி அக்கவுண்ட்டுக்கு அனுப்பணும், அண்ணன் அதை தன்னோட முதலா ஃபர்ம்ல போடணும். புரொப்ரைட்டருக்குக் கூட எஸ்பில வாங்கி கரண்ட்டுக்கு மாத்தறது தான் நல்லது, ஏன்னா கரண்ட் அக்கவுண்ட்ல நேரா வெளிநாட்டுப் பணம் ஏறினா அது ஜாப் ஒர்க் வரவா, எக்ஸ்போர்ட் வரவா, ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல ஏன் இல்லன்னு பின்னாடி கேள்வி வரும்.

(தம்பி அந்த நாட்டு சிட்டிசன் ஆயிட்டாருன்னா வெளிநாட்டுப் பண உதவிக்கான எஃப்சிஆர்ஏ சட்டம் ஒண்ணு குறுக்க வரும். கூடப் பொறந்தவங்க கிட்ட வாங்கலாம், ஆனா வருசத்துல 10 லட்சத்துக்கு மேல போனா மூணு மாசத்துக்குள்ள உள்துறைக்கு ஃபார்ம் போடணும். இந்திய பாஸ்போர்ட்டோட இருந்து சொந்த சேமிப்பை பேங்க் வழியா அனுப்பறவருக்கு இது கிடையாது.)

கடன் பக்கம் வந்தா வேற மாதிரி வேலை. வட்டியில்லாக் கடன்னா சுலபம், அண்ணன் தம்பிக்குள்ள அது தான் வழக்கமும். ஆனா சில ஆடிட்டருங்க செலவு காட்டறதுக்காக வட்டி போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க. போடலாம், ஆனா வாங்கறவரு வெளிநாட்டுல இருக்காருன்னா வட்டியில டிடிஎஸ் பிடிக்கணும், உள்ளூர்க்காரருக்கு இருக்கற மாதிரி இத்தனை ஆயிரம் வரைக்கும் பிடிக்க வேண்டாங்கற வரம்பு இங்க கிடையாது, முதல் ரூபாயில இருந்தே பிடிக்கணும். 4 லட்சம் கடனுக்கு 6 சதவீதம்னா வருசம் 24,000 வட்டி. சாதாரண ரேட் 30 சதவீதம், செஸ் சேத்து 31.2, அப்ப 7,488 ரூபா பிடிச்சு கட்டணும். சிங்கப்பூரோட நமக்கு வரி ஒப்பந்தம் இருக்கு, அதுல இந்த மாதிரி வட்டிக்கு 15 சதவீதம், அதாவது 3,600, ஆனா அதுக்கு தம்பி அங்க வரி ரெசிடன்ட்னு சிங்கப்பூர்ல இருந்து சர்டிபிகேட் வாங்கிக் குடுக்கணும். அண்ணன் டேன் நம்பர் எடுக்கணும், காலாண்டு ரிட்டர்ன் போடணும். பிடிக்காம விட்டா அந்த வட்டிய செலவா எடுத்துக்க விடமாட்டாங்க. 24,000 செலவு காட்டறதுக்கு இவ்வளவு பாடு தேவையான்னு நீங்களே பாத்துக்குங்க, எனக்குக் கேட்டா வட்டி வேண்டாம்.

வட்டி இருந்தாலும் இல்லாட்டியும், என்ஆர்ஐ கிட்ட ரூபாயில வாங்கற கடனுக்கு ஆர்பிஐ நிபந்தனை இருக்கு. பணம் வெளிநாட்டுல இருந்து பேங்க் வழியாவோ அவரோட என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குல இருந்தோ வரணும், விவசாயத்துக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் வட்டிக்கு விடறதுக்கும் அதைத் திருப்பக் கூடாது, திருப்பிக் கட்டறது தம்பியோட என்ஆர்ஓ கணக்குக்குத் தான். காலம், வட்டி பத்தி அன்னைக்கு என்ன வரம்புன்னு பத்திரம் எழுதறதுக்கு முன்னாடியே பேங்க்ல ஃபாரக்ஸ் பாக்கறவங்க கிட்ட கேட்டு எழுதுங்க. பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா இந்த வழியே கிடையாது, அதுக்கு வெளிநாட்டுக் கடன், ஷேர்னு தனிச் சட்டம், பணம் வரதுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாக்கணும்.

கடன்ல அதிகமா மாட்டறது திருப்பிக் குடுக்கறப்ப தான். மாரியம்மன் நோம்பிக்கு தம்பி ஊருக்கு வந்திருப்பாரு, அண்ணன் கையில ரொக்கம் இருந்திருக்கும், "இந்தாடா தம்பி"ன்னு 2 லட்சம் குடுத்திருப்பாரு, டேலியிலயும் கேஷ் பேமெண்ட்னு நேர்மையா என்ட்ரி போட்டிருப்பாங்க. கடனை 20,000மோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவும் கூடாது, திருப்பவும் கூடாது, அபராதம் அதே தொகை, அதாவது 2 லட்சத்துக்கு 2 லட்சம். டேக்ஸ் ஆடிட் இருக்கற யூனிட்னா ஆடிட் ரிப்போர்ட்லயே ஒவ்வொரு கடனும் எப்படி வாங்கினீங்க எப்படி கட்டினீங்கன்னு தனியா ஒரு எடம் இருக்கு, மறைக்கவும் முடியாது.

அப்பறம் உண்டியல். சிங்கப்பூர்ல டாலரா குடுத்தா மறுநாள் இங்க வீட்டு வாசல்ல ரூபாயா குடுத்துட்டுப் போற ஆளுங்க. ரேட் நல்லா கிடைக்கும், அதை மறுக்கல. ஆனா அப்படி வந்த பணத்தை முதல்னும் எழுத முடியாது, கடன்னும் எழுத முடியாது, கிஃப்ட்னும் எழுத முடியாது, ஏன்னா தம்பி அனுப்பினாருன்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, ஃபெமாவுலயும் தப்பு. கணக்குல எழுதினா ஆபீசர் மூணு கேள்வி கேப்பாரு: குடுத்தது யாரு, அவருகிட்ட அவ்வளவு பணம் ஏது, நெசமாவே குடுத்தாரா. ஆடிட்டருங்க இன்னும் செக்ஷன் 68ன்னு சொல்றது இதைத்தான், 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்ததுல நம்பர் மாறிருச்சு, கேள்வி மாறல. பதில் இல்லன்னா அது ஸ்லாப் ரேட்ல கூட வராது, அதுக்குன்னு தனி ரேட், நட்டம் இருந்தாலும் அதுல கழிக்க விடமாட்டாங்க.

பேங்க் வழியா வந்தா மட்டும் போதுமான்னா, பாதி போதும். இங்க தான் யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. தம்பி அனுப்பறப்ப ஆப்ல "எதுக்காக அனுப்பறீங்க"ன்னு ஒரு கட்டம் வரும், பெரும்பாலும் மேல இருக்கறதைத் தட்டிட்டுப் போயிருவாங்க, அது ஃபேமிலி மெயின்டனன்ஸ். இந்தியப் பேங்க் பக்கம் அது `P1301`னு பதிவாகும், குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்பினதுன்னு அர்த்தம். கிஃப்ட்னா `P1302`. இப்ப தம்பி குடும்பச் செலவுன்னு தட்டி அனுப்பின 10 லட்சத்தை அண்ணன் கணக்குல கடன்னு எழுதியிருக்காரு. மூணு வருசம் கழிச்சு ஃபைல எடுத்தா பேங்க் அட்வைஸ் ஒண்ணு சொல்லுது, பேலன்ஸ் ஷீட் வேற சொல்லுது. ஆபீசருக்கும் அது உறுத்தும், நாளைக்கு அண்ணன் தம்பிக்குள்ளயே பேச்சு வந்தா "நீ குடும்பத்துக்குன்னு தான அனுப்புன"ன்னு அண்ணி கேப்பாங்க. அதனால அனுப்பறதுக்கு முன்னாடியே எதுன்னு பேசிட்டு அதுக்கேத்த காரணத்தைத் தட்டச் சொல்லுங்க, பணம் வந்ததும் பேங்க்ல இன்வார்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸ் கேட்டு வாங்கி ஃபைல்ல போடுங்க. தம்பி இங்க இருக்கற என்ஆர்இ கணக்குல இருந்து ரூபாயா மாத்திவிட்டாருன்னா இந்த அட்வைஸ் வராது, அப்ப அவரோட என்ஆர்இ ஸ்டேட்மென்ட்ல அந்தப் பக்கத்தை வாங்கி வைங்க.

லெட்டர் பெருசா ஒண்ணும் வேண்டாம். கிஃப்ட்னா இப்படி இருந்தா போதும்: "நான் இன்னார், பாஸ்போர்ட் எண் இது, சிங்கப்பூரில் வேலை. என் உடன்பிறந்த அண்ணன் இன்னாருக்கு, என் சம்பளச் சேமிப்பிலிருந்து, இந்தத் தேதியில் இந்த வங்கிக் கணக்கு வழியாக ரூ.10,00,000 அன்பளிப்பாகக் கொடுத்தேன். இதைத் திரும்பக் கேட்கும் உரிமை எனக்கும் என் வாரிசுகளுக்கும் இல்லை." கீழ தம்பி கையெழுத்து, பெற்றுக்கொண்டேன்னு அண்ணன் கையெழுத்து. பணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போக வேண்டியதில்ல. கூடவே தம்பியோட சம்பள சிலிப் ஒண்ணு ரெண்டு, அவருகிட்ட பணம் ஏதுங்கற கேள்விக்கு அது தான் பதில். கடன்னா அதே லெட்டர்ல கடைசி வரி மாறும்: எப்ப, எப்படி, எந்தக் கணக்குக்குத் திருப்பறது, வட்டி உண்டா இல்லையான்னு. அந்த "வாரிசு"ங்கற வார்த்தைய வேண்டாம்னு சில பேர் நெளிவாங்க, தம்பி பொண்டாட்டிக்கும் தெரிஞ்சு குடுத்ததா இருந்தா நெளிய ஒண்ணும் இல்ல.

நம்ம உதாரணத்துல அண்ணன் தம்பி உக்காந்து பேசினா, பல வீட்டுல முடிவு ரெண்டுங்கெட்டானா தான் வரும். தம்பி சொல்லுவாரு, "அண்ணா, ஆறு லட்சம் என் பங்கா வெச்சுக்குங்க, அப்பா வைத்தியத்துக்கு நீங்க தான பாத்தீங்க, நாலு மட்டும் வீடு கட்டறப்ப குடுங்க." அப்படின்னா அதை அப்படியே எழுதலாம். ஆனா 10 லட்சத்தை ஒரே தடவையா அனுப்பிட்டு கணக்குல பிரிக்க வேண்டாம், 6 லட்சம் தனியா கிஃப்ட்னு ஒரு தடவை, 4 லட்சம் தனியா கடன்னு ஒரு தடவை, ரெண்டுக்கும் தனித்தனி லெட்டர். இப்ப பேலன்ஸ் ஷீட்ல அண்ணன் முதல் 12 லட்சம், பேங்க் 5, தம்பி கடன் 4, ஒரு ரூபா முதலுக்கு முக்கா ரூபா கடன், பேங்க்குக்கும் இது பாக்க நல்லா இருக்கும். "என் பங்கா"ன்னு தம்பி சொன்ன வார்த்தைய மட்டும் அங்கயே நிறுத்திக் கேட்டுருங்க. பங்குன்னா யூனிட்ல பங்கா, குடும்பத்துக்கு நான் செய்யற பங்கான்னு. மொதல்து பார்ட்னர்ஷிப், ரெண்டாவது கிஃப்ட்.

நடுவுல மனசு மாறினா? கடன்னு எழுதின நாலையும் தம்பி வேண்டாம்னு சொன்னா, அன்னைக்குத் தேதி போட்டு விட்டுக்குடுத்தேன்னு தனி லெட்டர் வாங்கி, அந்த வருசக் கணக்குல லெட்ஜரை முடிக்கணும், அதுக்கு முன்னாடி ஆடிட்டர் கிட்ட வரி எப்படின்னு கேட்டுக்கணும். பழைய தேதி போட்டு மொதல்ல இருந்தே கிஃப்ட்னு மாத்தக் கூடாது, ஏற்கனவே பேங்க்குக்கும் டேக்ஸுக்கும் குடுத்த பேலன்ஸ் ஷீட்ல அது கடனா நின்னுட்டு இருக்கும். கிஃப்ட்னு எழுதின ஆறை தம்பி திருப்பிக் கேட்டா அண்ணன் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, குடுத்தா அது அண்ணன் தம்பிக்கு குடுக்கற புது கிஃப்ட், கடன் அடைச்சதா எழுத முடியாது.

நாலு லட்சம் கடனுக்கு வருசா வருசம் ஒரு சின்ன வேலை இருக்கு. கேட்டப்ப தர்றேன்னு வாங்கின கடன்னா குடுத்த தேதியில இருந்து மூணு வருசம் தான் சட்டப்படி கேக்க முடியும், அதுக்குள்ள அண்ணன் எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா அங்க இருந்து இன்னொரு மூணு வருசம். அதனால மார்ச் 31 கணக்கு முடிச்சதும் "உங்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி ரூ.4,00,000"னு ஒரு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அடிச்சு, அண்ணன் கையெழுத்துப் போட்டு, தம்பிக்கு அனுப்பி, அவரும் சரின்னு கையெழுத்துப் போட்டு திருப்பி அனுப்பணும். ஆடிட்டருக்கு அதே பேப்பர் ஆடிட் ஃபைலுக்கும் ஆச்சு. ஒரிஜினல் ஒண்ணு அண்ணன்கிட்ட, ஒண்ணு தம்பிகிட்ட, வாட்ஸ்அப்ல ஓகேன்னு கட்டைவிரல் காட்டறதோட விட்டுராதீங்க.